ரவுட்டர் ஃபர்ம்வேர் அப்டேட்: பாதியில் நின்றால் எது ஆபத்து, எது இல்லை

"ஃபர்ம்வேர் டவுன்லோடு எழுபது சதவீதத்தில் நின்றுவிட்டது, ரவுட்டர் போய்விடுமா?" என்று, ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய பேர். போகாது. ரவுட்டருக்கும் அந்த டவுன்லோடுக்கும் அந்த நேரத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இதே கேள்வியை "ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது" என்று கேட்டால் பதில் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் ஐந்து வருடப் பழைய ஃபர்ம்வேரோடு அப்படியே ஓட்டுகிறார்கள், சிலர் எதையும் பார்க்காமல் கிடைத்த ஃபைலை ஏற்றிவிடுகிறார்கள்.

கையால் அப்டேட் செய்யும்போது ஃபைல் மூன்று கட்டமாகப் பயணிக்கிறது. முதலில் கம்பெனி சைட்டிலிருந்து உங்கள் லேப்டாப்புக்கு வருகிறது. அப்புறம் அப்லோடு பட்டனை அழுத்தியதும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டரின் ரேமுக்குப் போகிறது. அங்கே ரவுட்டர் அதைச் சோதித்துப் பார்த்து, சரி என்று பட்டால் மட்டும் தன் ஃபிளாஷ் மெமரியில் இருக்கும் பழைய ஃபர்ம்வேரை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறது. முதல் கட்டத்தில் எது அறுந்தாலும் நஷ்டம் உங்கள் டேட்டா மட்டும்தான். இரண்டாவது கட்டத்தில் வைஃபை துண்டானாலும் பெரும்பாலான ரவுட்டர்கள் பழைய ஃபர்ம்வேரோடு பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் ரேமில் பாதி வந்த ஃபைலை அவை தொடுவதே இல்லை. மூன்றாவது கட்டம் சில நிமிடம்தான், ஆனால் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்தச் சில நிமிடத்துக்குள் போகுமுன் கையில் இருப்பது சரியான ஃபைல், முழுமையான ஃபைல் என்று உறுதி செய்துகொள்வதுதான் மீதி வேலையெல்லாம்.

முதலில், இது உங்கள் வேலைதானா?

ஜியோ, ஏர்டெல் போன்றவர்கள் கொடுத்த பெட்டி என்றால் விட்டுவிடுங்கள். அதற்கான ஃபர்ம்வேரை அவர்களே தூரத்திலிருந்து அனுப்புவார்கள், அதற்கென்றே டிஆர்-069 என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஃபைபர் ஒயர் நேராகப் போய்ச் செருகும் ஓஎன்டி பெட்டிகளில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் சீரியல் நம்பர் முதலானவையும் உள்ளே இருக்கும், அதே மாடலின் பொது ஃபர்ம்வேர் எங்கோ கிடைத்தது என்று ஏற்றினால் பெட்டி உயிரோடு இருந்தும் இன்டர்நெட் வராமல் போகலாம். நான் இங்கே சொல்வதெல்லாம் நீங்களே கடையில் வாங்கி அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாட்டிய ரவுட்டருக்கு.

எதற்குச் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 மாடலில் 2023-ல் வெளியான பாதுகாப்பு ஓட்டையின் எண் CVE-2023-1389. லாகின் எதுவும் இல்லாமலே ரவுட்டரில் வெளியாள் தன் கட்டளையை ஓட வைக்க முடிந்தது, ரவுட்டர்களைக் கைப்பற்றும் மிராய் வகை மால்வேர் பரப்புபவர்கள் அதைப் பயன்படுத்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். `1.1.4 Build 20230219` என்ற ஃபர்ம்வேரில் அது அடைக்கப்பட்டது. அந்த வெர்ஷன் எண்ணைக் கவனியுங்கள், `Build`-க்குப் பின்னால் இருப்பது தேதி: 2023 பிப்ரவரி 19. பிரவுசரில் திறக்கும் உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் சைட்டில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட இந்தத் தேதிதான் எளிய வழி. உங்களிடம் இருப்பதே கடைசி பில்ட் என்றால் மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம், அதையே மறுபடி ஏற்றுவதால் வேகம் கூடாது.

பெயர் ஒன்று, பெட்டிக்குள் வேறு

இந்தியாவில் பரவலாக விற்ற ஆர்ச்சர் சி6-ஐ எடுத்துக்கொள்வோம். பெட்டியில் போட்டிருக்கும் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் V2 என்ற பதிப்புக்குள் இருப்பது குவால்காம் சிப், V3-க்குள் இருப்பது மீடியாடெக் சிப். இரண்டுக்கும் ப்ராசஸர் குடும்பமே வேறு, வைஃபை டிரைவர் வேறு. V2-வின் ஃபர்ம்வேர் V3-ல் ஓடாது, ஓட வழியே இல்லை. பெயரை மட்டும் கூகுளில் தட்டி முதலில் வந்த லிங்க்கிலிருந்து ஃபைலை எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ரவுட்டரைத் திருப்பிப் போட்டு அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்திலோ சீரியல் நம்பருக்குப் பக்கத்திலோ சின்ன எழுத்தில் `Ver: 3.0` என்பது போல ஒன்று இருக்கும். இதுதான் ஹார்டுவேர் பதிப்பு. புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்தான் முக்கியம், `Ver: 3.0` என்றால் சைட்டில் V3. ஆனால் சில மாடல்களுக்கு V1.20 மாதிரி புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்தே தனி வரியாகப் போட்டிருப்பார்கள், அப்படி அச்சு அசலாக உங்கள் எண்ணே பட்டியலில் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் ரவுட்டரின் சொந்தப் பக்கத்துக்குள் போய், ஃபர்ம்வேர் அப்கிரேடு திரையில் `Hardware Version` என்ற வரியைப் பாருங்கள். அங்கேயே `Firmware Version` என்று வேறு ஒன்றும் இருக்கும். புதிதாக வருபவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஹார்டுவேர் பதிப்பு வாங்கிய அன்றிலிருந்து மாறாது, ஃபர்ம்வேர் பதிப்புதான் மாறிக்கொண்டே இருக்கும்.

வாங்கிய பழைய அட்டைப் பெட்டியை நம்ப வேண்டாம். சர்வீஸில் கொடுத்து மாற்றி வாங்கியிருந்தால் பெட்டியில் ஒன்று, கையில் ஒன்று என்று இருக்கும்.

அடுத்தது நாடு. ஸ்டிக்கரில் மாடலோடு ஒட்டியபடி EU, US, IN மாதிரி எழுத்துகள் இருக்கலாம். ஒவ்வொரு நாட்டிலும் எந்த வைஃபை சேனலை எவ்வளவு சக்தியில் பயன்படுத்தலாம் என்று விதி உண்டு, அந்த விதி ஃபர்ம்வேருக்குள் எழுதப்பட்டிருக்கிறது. சில சமயம் நாட்டுக்கு நாடு ஃபிளாஷ் மெமரியின் அளவே மாறும். சி6 V2-விலேயே ஐரோப்பியப் பதிப்பில் 8 எம்பி, அமெரிக்கப் பதிப்பில் 16 எம்பி. ஆகவே கம்பெனி சைட்டுக்குள் போனதும் அடியிலோ மேலேயோ இருக்கும் நாட்டுத் தேர்வைப் பார்த்து, ரவுட்டர் எந்த நாட்டில் வாங்கியதோ அந்த நாட்டை வையுங்கள். துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ரவுட்டர் என்றால் அந்த நாட்டுப் பக்கம்தான், நீங்கள் இப்போது மதுரையில் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது.

சரி, ஃபைல் கையில் வந்த பிறகும் அது யாருக்கானது என்று பார்க்க ஒரு வழி உண்டு. பல ஆர்ச்சர் ஃபர்ம்வேர்களுக்குள் அது எந்தெந்த ஹார்டுவேருக்கு என்ற பட்டியல் சாதாரண எழுத்தாகவே இருக்கும். லினக்ஸ் இருந்தால் இப்படிப் பார்க்கலாம்:

```
strings firmware.bin | grep product_name
```

`product_name`, `product_ver`, `special_id` என்று வரிகள் வரும். `product_ver:3.0.0` என்றால் V3. `special_id:45550000` என்று இருந்தால் அதில் 45, 55 என்பவை E, U என்ற எழுத்துகளின் எண்கள்தான், அதாவது ஐரோப்பா. அப்லோடு செய்ததும் ரவுட்டர் சரிபார்க்கும் விஷயங்களில் இந்தப் பட்டியலும் ஒன்று. தன் பெயர் அதில் இல்லை என்றால் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த வாசல் காவலாளி இருப்பதால்தான் தப்பான ஃபைலால் ரவுட்டர் செத்துப்போவது இப்போது முன்பைவிடக் குறைவு. ஆனால் எல்லாக் கம்பெனியும் எல்லா மாடலிலும் இவ்வளவு கவனமாக இல்லை, கீழே சொல்லப்போகும் ரெகவரி முறையில் ஏற்றும்போது காவலாளி பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். ரவுட்டர் மறுத்தால் "எப்படியாவது ஏற்றுவது எப்படி" என்று தேடாதீர்கள். அது மறுத்ததற்குக் காரணம் இருக்கும்.

டவுன்லோடு அறுந்தால்

ஃபர்ம்வேர் ஃபைல் பெரியது ஒன்றுமில்லை. சி6 போன்றவற்றுக்கு பத்துப் பதினைந்து எம்பி-க்குள், புதிய வைஃபை 6 ரவுட்டர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். இருந்தும் அறும், இதில் ஒரு தனி வேடிக்கை என்னவென்றால் ரவுட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது என்பதாலேயே அப்டேட் செய்யப் போகிறீர்கள், டவுன்லோடும் அதே ரவுட்டர் வழியாகத்தான் வருகிறது. அதனால் இதை மட்டும் போன் ஹாட்ஸ்பாட் போட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

பாதியில் நின்ற ஃபைலை அடையாளம் காண்பது சுலபம். குரோமில் அதன் பெயர் `.crdownload` என்று முடியும், ஃபயர்ஃபாக்ஸில் `.part`. அந்தக் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு `.bin` என்று மாற்றினால் முழு ஃபைல் ஆகிவிடாது, அதையும் செய்பவர்கள் இருக்கிறார்கள். டவுன்லோடு பட்டியலில் ரெஸ்யூம் இருந்தால் அழுத்துங்கள். அது வேலை செய்வது எப்படி என்றால், "எனக்கு முதல் 8 எம்பி வந்துவிட்டது, அடுத்த பைட்டிலிருந்து கொடு" என்று பிரவுசர் சர்வரிடம் கேட்கிறது. சர்வர் அதற்கு ஒத்துக்கொண்டால் தொடரும், ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலிலிருந்து வரும். கட்டளை வழியில் செய்ய விரும்புபவர்களுக்கு இதே வேலையை இது செய்யும், `URL` இருக்கும் இடத்தில் டவுன்லோடு லிங்க்கை ஒட்டிக்கொள்ளுங்கள்:

```
curl -L -C - -O URL
```

இதில் ஒரு சிக்கல் உண்டு. நேற்று பாதி இறங்கியது, இன்று மீதியை இழுக்கிறீர்கள், இடையில் கம்பெனி அதே லிங்க்கில் புது ஃபைலை வைத்துவிட்டது என்றால் பழையதன் தலையும் புதியதன் வாலும் ஒட்டிக்கொண்டு ஒரு ஃபைல் கிடைக்கும். பிரவுசர்கள் ஃபைல் மாறிவிட்டதா என்று சர்வரிடம் விசாரித்துக்கொள்ளும், மேலே உள்ள `curl` கட்டளை விசாரிக்காது, நீளத்தை மட்டும் பார்த்து ஒட்டிவிடும். பத்து எம்பி ஃபைலுக்கு இந்த வம்பு எதற்கு என்பது என் கட்சி: அறுந்துபோய் சில நிமிடத்துக்குள் என்றால் ரெஸ்யூம் செய்யலாம், மறுநாள் ஆகிவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து எடுங்கள்.

அறுந்தது என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை, அறுந்தும் முழுதாக இறங்கியதுபோல் பெயர் வைத்துக்கொண்டு நிற்பவைதான் மோசம். ஃபைல் அளவைப் பாருங்கள். சைட்டில் 14 எம்பி என்று போட்டிருக்க, உங்களிடம் இருப்பது 12 கேபி என்றால் அது ஃபர்ம்வேரே இல்லை, "பக்கம் கிடைக்கவில்லை" என்றோ "மறுபடி லாகின் செய்" என்றோ சர்வர் அனுப்பிய வெப் பக்கத்தை பிரவுசர் ஃபர்ம்வேர் பெயரில் சேமித்து வைத்திருக்கிறது. நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் வரியிலேயே `<!DOCTYPE html>` என்று இருக்கும். உண்மையான ஃபர்ம்வேர் என்றால் புரியாத குப்பை எழுத்துகளாக வரும். பார்த்துவிட்டு சேமிக்காமல் மூடுங்கள், நோட்பேடில் சேவ் செய்தால் நல்ல ஃபைலும் கெட்டுவிடும்.

ஃபர்ம்வேர் ஜிப் ஆக வந்தால் நமக்கு ஒரு வசதி. ஜிப் ஃபைலின் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் எழுதப்பட்டிருக்கும், ஆகவே வால் அறுந்த ஜிப் திறக்கவே மறுக்கும். நடுவில் ஒரு பைட் கெட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும். 7-ஜிப்பில் வலது கிளிக் செய்து `Test archive` கொடுத்தால் போதும். இதே வசதி நேராக `.bin` ஆக வரும் ஃபைல்களுக்கு இல்லை. அப்புறம், ஜிப்பை அப்படியே ரவுட்டரில் ஏற்றாதீர்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பிடிஎஃப், ஒரு லைசென்ஸ் பக்கம், ஒரு `.bin` இருக்கும், அந்த `.bin` மட்டும்தான் ஃபர்ம்வேர். அசூஸ் போன்ற கம்பெனிகளில் கடைசி எழுத்துகள் `.w`, `.trx`, `.pkgtb` என்று வேறாக இருக்கலாம், பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.

ஹாஷ் பார்ப்பது

முழுதாக வந்த ஃபைல் கம்பெனி வைத்த அதே ஃபைல்தான் என்று உறுதி செய்ய ஹாஷ் இருக்கிறது. ஃபைல் முழுவதையும் ஒரு கணக்குக்குள் போட்டால் 64 எழுத்துகள் கொண்ட எண் ஒன்று கிடைக்கும், இந்தக் கணக்கின் பெயர் SHA-256. ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிவிடும். அசூஸ், மைக்ரோடிக் போன்றவர்கள் டவுன்லோடு பக்கத்திலேயே இந்த எண்ணைப் போடுகிறார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறமூல ஃபர்ம்வேர் என்றால் `sha256sums` என்ற பெயரில் தனி ஃபைலே இருக்கும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து:

```
cd %USERPROFILE%\Downloads
certutil -hashfile firmware.zip SHA256
```

லினக்ஸில் `sha256sum firmware.zip`, மேக்கில் `shasum -a 256 firmware.zip`. `firmware.zip` இருக்கும் இடத்தில் உங்கள் ஃபைல் பெயர்.

அறுபத்து நான்கு எழுத்தையும் கண்ணால் ஒப்பிடுவது எரிச்சலான வேலை, முதல் நாலும் கடைசி நாலும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடத் தோன்றும். கணினியிடமே விட்டுவிடலாம். பவர்ஷெல்லில் இப்படிக் கொடுத்து, மேற்கோள் குறிகளுக்குள் சைட்டில் இருக்கும் எண்ணை ஒட்டினால் `True` அல்லது `False` என்று ஒரே சொல்லில் பதில் வரும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பற்றிக் கவலை வேண்டாம்.

```
(Get-FileHash $HOME\Downloads\firmware.zip).Hash -eq "HASH"
```

`False` வந்தால் என்ன செய்வது? ஃபைலை அழித்துவிட்டு மறுபடி இறக்கி, மறுபடி ஹாஷ் எடுங்கள். இப்போதும் பொருந்தாமல், வந்த எண் முதலில் வந்த எண்ணிலிருந்தும் வேறாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஃபைல் வழியில் கெடுகிறது என்று அர்த்தம், இன்டர்நெட் இணைப்பையோ வேறு கணினியையோ மாற்றிப் பாருங்கள். இரண்டு முறையும் அதே எண் வந்து, அது சைட்டில் இருப்பதோடு மட்டும் பொருந்தவில்லை என்றால் கதை வேறு: ஃபைல் ஒழுங்காகத்தான் வருகிறது, நீங்கள் ஒப்பிடுவது தப்பான எண்ணோடு. பக்கத்து வெர்ஷனின் ஹாஷைப் பார்த்திருப்பீர்கள், அல்லது சைட்டில் இருப்பது ஜிப்புக்கான எண்ணாக இருக்க நீங்கள் உள்ளே இருக்கும் `.bin`-க்கு எடுத்திருப்பீர்கள். மேக்கில் சஃபாரி ஜிப்பை இறக்கியதும் தானே பிரித்துவிட்டு ஜிப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடும், அதனாலும் இந்தக் குழப்பம் வரும். இது எதுவும் இல்லை, சரியான எண்தான், இரண்டு முறையும் பொருந்தவில்லை என்றால் அந்த ஃபைலை ஏற்றாதீர்கள், கம்பெனியிடம் கேளுங்கள்.

ஹாஷே போடாத கம்பெனிகளும் மாடல்களும் உண்டு. அப்போது செய்யக்கூடியது, கம்பெனியின் சொந்த சைட்டிலிருந்து, `https` முகவரியில், தனித்தனியாக இரண்டு முறை இறக்கி இரண்டின் ஹாஷும் ஒன்றா என்று பார்ப்பது. ஒன்றாக இருந்தால் வழியில் கெடவில்லை என்று நம்பலாம். ஆனால் யாராவது சர்வரிலேயே ஃபைலை மாற்றி வைத்திருந்தால் இரண்டு முறையும் அதே போலி ஃபைல்தான் வரும், அதை இந்த வழி காட்டாது. அதற்குக் காவல் ரவுட்டர் தானே பார்க்கும் டிஜிட்டல் கையெழுத்துதான், புதிய மாடல்கள் பலவற்றில் அது இருக்கிறது. டெலிகிராம் குழுவிலும் கூகுள் டிரைவிலும் யாரோ போட்ட ஃபர்ம்வேருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, போலியின் ஹாஷையும் அவரேதான் தருவார்.

ஏற்றும் அந்தச் சில நிமிடம்

ஏற்றுவதற்கு முன் ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் செட்டிங்ஸை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நிற்காமல் இன்டர்நெட் இணைப்புக்கு ரவுட்டர் லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஏனென்றால் சில அப்டேட்கள் எல்லாவற்றையும் துடைத்துவிடும், பழைய பேக்கப்பைப் புது ஃபர்ம்வேர் ஏற்க மறுப்பதும் உண்டு. பல ரவுட்டர்களில் இந்த பேக்கப் ஃபைலும் `.bin` என்றுதான் முடியும். அவசரத்தில் ஃபர்ம்வேருக்குப் பதில் இதை அப்லோடு செய்துவிட்டு "ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், இரண்டையும் தனித்தனி ஃபோல்டரில் வையுங்கள்.

லேன் கேபிள் போட்டுச் செய்வது நல்லது. வைஃபையில் செய்தாலும் முன்பு சொன்னபடி அப்லோடு அறுந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் எழுத ஆரம்பித்த பிறகு திரையில் எதுவும் தெரியாமல் நீங்கள் பதற்றப்பட்டு பிளக்கைப் பிடுங்குவதுதான் பயம். கரண்ட்டைப் பொறுத்தவரை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலோ இடி இடிக்கும் சாயங்காலத்திலோ ஆரம்பிக்க வேண்டாம். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள்.

பட்டனை அழுத்தியதும் ஒரு பார் ஓடும். பல ரவுட்டர்களில் அந்தப் பார் நிஜ அளவைக் காட்டுவதில்லை, "இத்தனை வினாடி ஆகும்" என்று பிரவுசர் தானாக எண்ணிக்கொண்டிருக்கிறது, ரவுட்டர் உள்ளே என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் 99-ல் நின்றுவிட்டாலும், பக்கம் வெறுமையாகிவிட்டாலும் எழுதுவது நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. வழக்கமாக மூன்று நான்கு நிமிடத்தில் லைட்டுகள் எல்லாம் அணைந்து மறுபடி எரியும். எரியாவிட்டாலும் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அப்புறம் ரவுட்டர் முகவரியைப் புது டேபில் திறந்து பாருங்கள், பழைய டேபை ரிஃப்ரெஷ் செய்தால் கேஷில் இருக்கும் பழைய பக்கம் வந்து குழப்பும். உள்ளே போய் `Build` தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் ரவுட்டர் சத்தமில்லாமல் ஃபைலை நிராகரித்திருக்கிறது.

எழுதும்போதே நின்றுவிட்டால்

இப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஃபிளாஷ் மெமரியில் ஃபர்ம்வேருக்கு முன்னால் பூட்லோடர் என்று ஒரு சின்னப் பகுதி தனியாக இருக்கிறது. ரவுட்டர் ஆன் ஆனதும் முதலில் எழுவது அதுதான், அது எழுந்துதான் ஃபர்ம்வேரை எழுப்புகிறது. பெரும்பாலான அப்டேட்கள் பூட்லோடரைத் தொடுவதில்லை. ஆகவே ஃபர்ம்வேர் பாதி எழுதப்பட்டு நின்றாலும் பூட்லோடர் உயிரோடு இருக்கும், அதனிடம் வேறு ஃபைலைக் கொடுக்க முடியும்.

கொடுக்கும் வழி மாடலுக்கு மாடல் வேறு. டி-லிங்க்கின் பல மாடல்களில் ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் `192.168.0.1`-ல் ஒரு எளிய அப்லோடு பக்கம் வரும். அசூஸில் அதேபோல் செய்தால் பவர் லைட் மெதுவாக மினுக்கும், அவர்களின் `Firmware Restoration` மென்பொருள் மூலம் ஏற்றலாம். லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி வரிசை சிலவற்றில் இரண்டு ஃபர்ம்வேர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்று எழவில்லை என்றால் மற்றதற்குத் தாவிவிடும். ஆர்ச்சர் சி6 V2-வில் வழி தலைகீழ்: ரவுட்டர்தான் உங்கள் லேப்டாப்பைத் தேடி வரும். லேப்டாப்பின் லேன் முகவரியை `192.168.0.66` என்று கையால் வைத்து, கேட்பவருக்கு நெட்வொர்க் வழியாக ஃபைலை எடுத்துக் கொடுக்கும் டிஎஃப்டிபி சர்வர் ஒன்றை அதில் ஓடவிட்டு, ஃபர்ம்வேரை `ArcherC6v2_tp_recovery.bin` என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு, ரீசெட்டைப் பிடித்தபடி ரவுட்டரை ஆன் செய்ய வேண்டும். ரவுட்டர் அந்தப் பெயரைத்தான் கேட்கும், ஒரு எழுத்து மாறினாலும் எடுக்காது. கேட்டும் கிடைக்காமல் போனால் பெரும்பாலும் தடுப்பது விண்டோஸ் ஃபயர்வால்தான்.

இதில் பிடி எங்கே என்றால், இந்த நேரத்தில் வீட்டில் இன்டர்நெட் இருக்காது. ஆகவே உங்கள் மாடலின் ரெகவரி முறை எது என்று முன்பே பார்த்து வைத்து, தேவையான மென்பொருளையும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய வெர்ஷனின் ஃபைலையும் சேர்த்தே முதலில் இறக்கி லேப்டாப்பில் போட்டுக்கொள்ளுங்கள். பழையதை வைத்திருந்தாலும் சில புது ஃபர்ம்வேர்கள் பின்னால் போக விடாது, அதை ரிலீஸ் குறிப்பில் எழுதியிருப்பார்கள், அந்த வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள். எந்த லைட்டும் எரியவில்லை, ரீசெட்டுக்கும் அசைவில்லை, அடாப்டரை மாற்றியும் அப்படியே என்றால் பூட்லோடரும் போயிருக்கலாம். அதற்கு மேல் சிப்பைத் தனியாக எடுத்து எழுதும் ஆட்களிடம்தான் போக வேண்டும், வாரண்டி இருந்தால் அதற்கு முன் சர்வீஸ் சென்டர்.